டெமோவுக்கு வந்த மெத்தை

அந்த வார்த்தையை முதலில் சொன்னது யார் என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது. "டெமோ" என்பதை மெத்தைக் கம்பெனிக்காரன்தான் எடுத்தான் என்று ஹெட் சிஸ்டர் கடைசிவரை சாதித்தாள். அவள்தான் கேட்டாள் என்று அவன் எழுதிக் கொடுத்தான். ஆஸ்பத்திரி மாடிப்படியில் நின்றபடி பேசிய பேச்சு. பக்கத்தில் வேறு யாரும் இல்லை. பின்னால் அவர்களிடமிருந்து கேட்டவர்கள் திருப்பிச் சொன்னதில் ஆளுக்கொரு பக்கம் கொஞ்சம் சாய்த்திருக்கலாம். மெத்தை வந்தது மட்டும் நிஜம். அதன் மோட்டார் உறுமியது நிஜம். அவளுக்கு வந்த கோபமும் நிஜம். அதில் யாருக்கும் இரண்டாவது கருத்து கிடையாது.

அவள் பார்த்தது நீண்ட நாள் படுத்துக் கிடப்பவர்களின் வார்டு. அங்கே நோயைவிட மெத்தைதான் பெரிய எதிரி. ஒரே பக்கமாகக் கிடந்தால் முதுகு சிவக்கும், சிவந்தது கறுக்கும், கறுத்தது குழியாகும். அதைத் தடுக்கத்தான் ஏர் பெட். குழாய் குழாயாகக் காற்றறைகள். காலடியில் தொங்கும் ஒரு சின்ன மோட்டார் ஒரு வரிசையில் காற்றை ஏற்றி அடுத்த வரிசையில் இறக்கும். உடம்பின் பாரம் ஓரிடத்தில் நிற்காது. வார்டில் இருந்தவை பழசு. பாதி ஒட்டுப்போட்டவை. மூன்று வருடமாக அவள் கத்தியதன் பலனாகத்தான் புது மெத்தைகளுக்கு டெண்டர் விடப் போவதாகப் பேச்சு எழுந்தது.

அந்தச் சமயம் வீட்டில் அவளுடைய மாமனார் பக்கவாதத்தில் விழுந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கையும் காலும் ஒரு பக்கம் போய்விட்டன. வாய் மட்டும் இரண்டு பக்கமும் நன்றாக வேலை செய்தது. ஆஸ்பத்திரி ஸ்டோரிலிருந்து பழைய ஏர் பெட் ஒன்றை இரவலாகத் தரச் சொல்லி அவள் கேட்டுப் பார்த்தாள். ஊழியர் வீட்டுக்கு அனுப்பும் வழக்கமில்லை என்றார்கள். கடையில் விலை விசாரித்துவிட்டு வீடு திரும்பிய கணவர் அன்று சாப்பிடவே இல்லை.

மெத்தைக் கம்பெனிக்காக விற்பனைக்கு வரும் ரெப்பை வார்டில் எல்லோரும் 'சென்ட் தம்பி' என்பார்கள். அவன் லிஃப்டில் ஏறினால் அடுத்த மாடியில் தும்முவார்கள். அவள் சொன்னபடி, மாடிப்படியில் அவன்தான் அவளை நிறுத்தினான்.

"மாமனாருக்கு எப்படி இருக்கு சிஸ்டர்?"

"முதுகு சிவந்திடுச்சு."

"நம்ம கிட்ட டெமோ பீஸ் ஒண்ணு சும்மா கிடக்கு. வீட்டுல போட்டுப் பாருங்க. ஓடுற விதத்தையும் பார்த்த மாதிரி ஆச்சு."

"எப்ப திருப்பித் தரணும்?"

"டெமோதானே சிஸ்டர். என்ன அவசரம்?"

மறுநாள் மெத்தை வந்தது. சிவப்பு நாலு நாளில் அடங்கியது. மாமனாருக்கு அந்த மெத்தையைப் பிடித்துப்போனது. மருமகளை அவர் கிண்டலாக டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்.

"ஏம்மா டாக்டரம்மா, இது மூச்சு விடுது. உன் புருஷன்கூட இவ்வளவு ஒழுங்கா மூச்சு விட்டு நான் பார்த்ததில்ல."

"பேசாம படுங்க மாமா."

"படுத்துத்தானே கிடக்கேன். டிக்கெட் வாங்காம வண்டியில ஏறின மாதிரி ஒரு சந்தேகம், அவ்வளவுதான்."

அந்தப் பேச்சு அவளைக் குத்தியிருக்க வேண்டும். சிரித்துவிட்டுத் துணி துவைக்கப் போனாள். வீட்டில் எல்லோரும் அதை 'டெமோ' என்றே அழைக்கப் பழகினார்கள். டெமோவைத் துடை, டெமோவுக்கு கரண்ட் போட்டாச்சா, டெமோமேல காபி சிந்திடாதே. பெயர் நிலைத்ததும் பொருளும் நிலைத்துவிட்டது. சென்ட் தம்பி திருப்பிக் கேட்கவில்லை. அவளும் நினைவுபடுத்தவில்லை.

இரண்டு மாதம் கழிந்த பிறகு மோட்டாரில் ஒரு வாடை. ரப்பர் கருகுவதுபோல. தொட்டால் சுட்டது. ராத்திரி நிறுத்தி ஆற வைத்து மறுபடி போட வேண்டியிருந்தது. வார்டில் ஒரு நர்ஸ் இருபது கட்டிலைப் பார்க்கிறாள். எந்த மோட்டார் எப்போது நின்றது என்று யாருக்குத் தெரியும்? நின்றால் காற்று இறங்கும், நோயாளி வெறும் இரும்புப் பலகையில் கிடப்பான். அவள் மனதில் அந்தக் கம்பெனிக்கு அன்றே பூஜ்யம் விழுந்துவிட்டது.

டெண்டரில் மூன்று கம்பெனிகள் வந்தன. மெத்தைகளைத் தேர்ந்தெடுக்கும் கமிட்டியில் அவளையும் போட்டார்கள். பெரிய டாக்டர் மட்டும் விலகிக்கொண்டார். சென்ட் தம்பியின் கம்பெனி செலவில் கடலோரத்தில் நடந்த மாநாட்டுக்குப் போய்வந்தவர் அவர். போவதற்கு முன்பே அதை எழுதிக் கொடுத்து அனுமதியும் வாங்கியிருந்தார். மிச்சப் பேர் ஆளுக்கொரு தாளில் கையெழுத்துப் போட்டார்கள்: இந்தக் கம்பெனிகளிடமிருந்து எனக்கோ என் குடும்பத்தாருக்கோ எந்த ஆதாயமும் இல்லை. கையில் ஊசி மருந்து டிரேயோடு வந்திருந்த அவளும் நின்றபடியே போட்டாள். படித்தாளா என்று பின்னால் கேட்டார்கள். படித்தேன் என்றாள். டெமோ ஆதாயம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அதுதான் உண்மை என்று அவள் நம்பினாள்.

மூன்று கம்பெனியின் மெத்தையையும் வார்டில் இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்தார்கள். எதுவும் மக்கர் பண்ணவில்லை. மார்க் போடும் நாளில் மற்றவர்கள் பேனாவைத் திறக்கும் முன்பே அவள் பேசிவிட்டாள்.

"இந்த மோட்டாரை நம்பாதீங்க. ரெண்டு மாசம் தாண்டினா சூடாகுது. கருகின வாடை வரும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். பத்து வருடம் வார்டு பார்த்தவள் சொன்னால் சொன்னதுதான். இரண்டு வாரம் ஓடிய மோட்டாரின் இரண்டாவது மாதம் அவளுக்கு எப்படித் தெரியும் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அந்தக் கம்பெனி தோற்றது. வேறொரு கம்பெனிக்கு ஆர்டர் போகவிருந்தது. தோற்றவர்களுக்குக் காரணம் சொல்லியாக வேண்டும் என்பது விதி. கொள்முதல் பிரிவு முறையாகக் கடிதம் அனுப்பியது: இரண்டு மாதத் தொடர் உபயோகத்துக்குப் பின் மோட்டார் சூடாகும் அபாயம்.

கடிதத்தைப் படித்தவுடனே தோற்ற கம்பெனிக்காரர்களுக்குப் புரிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்காரர்கள் யாரிடமும் அந்த மோட்டார் இரண்டு மாதம் ஓடியதில்லை, ஒரு வீட்டைத் தவிர.

சாயங்காலம் சென்ட் தம்பி போன் செய்தான். அவள் சமையலறையில் இருந்தாள். போன் வழியாக வாசனை வராது என்பதே அவனோடு பேசுவதில் இருந்த ஒரே நிம்மதி.

"என்ன சிஸ்டர், நம்ம மெத்தையில படுக்க வச்சுக்கிட்டே நம்மளைக் கவுத்துட்டீங்களே."

"மோட்டார் சூடாகுது. சொன்னேன். அதுல என்ன தப்பு?"

"தப்பு இல்ல. உங்க வீட்டுல ஓடினது வெளிய தெரிஞ்சாத்தான் தப்பு. ஒண்ணு பண்ணலாம். மெத்தைய நீங்க வாடகைக்கு எடுத்ததா பழைய தேதியில ரசீது போட்டுத் தர்றேன். உங்களுக்குப் பிரச்சினை இல்ல. நீங்க மட்டும், வேற மாடலோட குழப்பிட்டேன், மறுபடி பார்க்கணும்னு கமிட்டிக்கு ஒரு லெட்டர் கொடுங்க."

 அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அடுப்பை அணைக்கக்கூட அவளுக்குக் கை போகவில்லை.

"புது மெத்தையே ஒண்ணு அனுப்பிடறேன் சிஸ்டர். சூடாகாத மோட்டாரு."

"சூடாகாத மோட்டார் இருக்குன்னா வார்டுக்கு ஏன்டா சூடாகுறதக் காட்டின?"

பத்து வருடத்தில் அவள் யாரையும் 'டா' போட்டதில்லை. போனை வைத்த பிறகு மேடையைத் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு வந்த கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"ரசீதுதானே தர்றேங்கறான். வாங்கி வச்சுக்கிட்டா என்ன?"

"வாங்கினா அந்த லெட்டரையும் எழுதணும்."

"எழுதாத. ரசீத மட்டும் வாங்கு."

"ஏங்க, அவன் என்ன முட்டாளா?"

"அப்பாவுக்கு முதுகு மறுபடி சிவந்தா யாரு பார்ப்பா? நீ டியூட்டிக்குப் போயிடுவ. நான்தானே புரட்டணும்."

"வார்டுல அம்பது அப்பா கிடக்காங்க. அவங்களை யாரு புரட்டுறா?"

கூடத்திலிருந்து மாமனார் குரல் கொடுத்தார். "எனக்காக யாரும் சண்டை போட வேண்டாம். ஸ்டாப்பிங் வந்தா நானே இறங்கிக்கறேன்."

 அன்று ராத்திரி மோட்டார் உறுமிக்கொண்டே இருந்தது. அவள் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்தாள். அவன் தன்னை விலை பேசினான் என்ற நினைப்பு போகவே இல்லை. தன்னைப் பார்த்தால் அப்படியா தெரிகிறது? இத்தனை வருடத்தில் நோயாளி வீட்டாரிடம் ஒரு பழம்கூட வாங்கியதில்லை. நீட்டிய நோட்டை முகத்துக்கு நேரே திருப்பித் தந்தவள். 

காலையில் யூனிஃபார்ம்கூடப் போடாமல் நேராக ஹெச்.ஆர். அறைக்குப் போனாள். அங்கே அதிகாரியாக இருந்த பெண் அவளைவிட வயதில் சின்னவள், அதிகம் பேசாதவள், மேஜையில் பேனாக்களை வரிசையாக வைப்பவள்.

"மேடம், ஒரு சப்ளையர் எனக்கு லஞ்சம் கொடுக்கப் பார்க்கறான். கம்ப்ளெயிண்ட் எழுதிக்கங்க."

"உக்காருங்க சிஸ்டர்."

உட்காரவில்லை. நின்றபடியே கொட்டினாள். போன், பழைய தேதி ரசீது, லெட்டர், புது மெத்தை, எல்லாம். குரல் வராந்தா வரை கேட்டது. அதிகாரி எழுதிக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் பேனா நின்றது.

"பழைய தேதியில ரசீதுன்னா, எதுக்கு ரசீது?"

"மெத்தைக்கு."

"எந்த மெத்தை?"

"எங்க வீட்டுல இருக்கறதுக்கு."

அதிகாரி நிமிர்ந்தாள்.   மின்விசிறிக் காற்றில் மேஜைமேல் ஒரு தாள் ஓரம் தூக்கித் தூக்கி விழுந்தது. ஹெட் சிஸ்டர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"அது எப்பலேர்ந்து உங்க வீட்டுல இருக்கு சிஸ்டர்?"

"டெமோ மேடம் அது."

"எப்பலேர்ந்து?"

"டெண்டருக்கு முன்னாடிலேர்ந்து."

"கமிட்டியில கையெழுத்துப் போட்டீங்களே."

"டெமோன்னு சொன்னேன் இல்ல." அவள் குரல் மறுபடி ஏறியது. "நான் அவனுக்கு எதிரா மார்க் போட்டவ. அவன் கொடுத்ததுக்குப் பதிலா நான் எதையும் கொடுக்கல. அவனைத் தோக்கடிச்சதே நான்தான். இதுல லஞ்சம் எங்க வந்துச்சு?"

"லஞ்சம்னு நான் சொல்லல. இது உங்க மேலயும் விசாரிக்க வேண்டிய விஷயமாயிடுச்சு. இதுக்கு மேல இங்க எதுவும் சொல்லாதீங்க. எழுத்துல குற்றச்சாட்டு வரும். பதில் சொல்ல டைம் கொடுப்போம். கூட ஒருத்தரைக் கூட்டிட்டு வரலாம். அதுவரைக்கும் சம்பளத்தோட வீட்டுல இருங்க. வீட்டுல இருக்கறது தண்டனை இல்ல."

"கம்ப்ளெயிண்ட் கொடுக்க வந்தவளை வீட்டுக்கு அனுப்பறீங்க."

"அவன் மேலயும் நடவடிக்கை எடுப்போம்."

அவள் வார்டு வழியாக நடந்து வெளியே போனாள். அன்றைய மருந்து டிரே யார் கையிலோ இருந்தது.

விசாரணைக்கு அவளோடு ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர் வந்தாள். நாக்கு கூர்மை என்பதால் அவளுக்குக் கத்திரி என்று பெயர். மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். இந்த விஷயத்தில் சம்பந்தப்படாத வேறு மருத்துவமனையின் நர்சிங் சூப்பரிண்டெண்டெண்ட் ஒருவர், நிர்வாகி ஒருவர், உள்தணிக்கைக்காரர் ஒருவர். சின்ன அதிகாரி குறிப்பு மட்டும் எடுத்தாள். விசாரித்தவர் தீர்ப்பில் உட்காரக்கூடாது என்று. அதற்குள் கம்பெனியிலிருந்தும் புகார் வந்து சேர்ந்திருந்தது: உங்கள் ஊழியர் கேட்டு வாங்கிய மெத்தையைத் திருப்பித் தரவில்லை. தாங்கள் கொடுத்ததைத் தாங்களே எழுத்தில் ஒத்துக்கொண்டிருந்தார்கள். அது அவர்களுக்குத் தோன்றவில்லை.

முதலில் அமைதியாகத்தான் போனது. பிறகு நிர்வாகி, "வெகுமதி வாங்கக்கூடாதுன்னு பாலிசி இருக்கறது தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும். கடல் தெரியுற ரூம்ல நாலு நாள் தங்கினா அது என்ன?"

நிர்வாகி கோப்பைப் புரட்டினார். அவள் விடவில்லை.

"அதே கம்பெனிதான். டாக்டர் ஐயா விமானத்துல போனாரு, தின்னாரு, தூங்கினாரு. நான் ஒரு மெத்தைய வாங்கிக் கை கால் வராத ஒரு மனுஷனைப் படுக்க வச்சேன். அதுவும் கேட்டுப் பார்த்து, நீங்க இல்லைன்னு சொன்னதுக்கு அப்புறம். ஸ்டோர்ல தூசி படிஞ்சு கிடந்த கிழிசலைக்கூட நீங்க தரல. யாரு இங்க உக்காந்திருக்கணும், யாரு அங்க உக்காந்திருக்கணும்?"

கத்திரி அவள் கையைத் தொட்டாள். அவள் உதறினாள்.

நிர்வாகி தொண்டையைச் செருமினார். "அவரு முன்னாடியே சொல்லிட்டாரு. அனுமதி வாங்கினாரு. கமிட்டியிலேர்ந்தும் விலகினாரு."

"சொல்லிட்டா சுத்தமாயிடுமா? அனுமதி கொடுத்தது யாரு? அவருகூட தினம் டென்னிஸ் ஆடுறவரு."

குறிப்பெடுத்த அதிகாரி அதை ஒரு வார்த்தை விடாமல் எழுதினாள். எழுதி முடித்து அடிக்கோடு போட்டாள்.

தணிக்கைக்காரர் அதுவரை வாய் திறக்கவில்லை. வழுக்கை விழுந்த, களைத்த முகம். கோபமே படாத குரலில் பேசினார்.

"சிஸ்டர், உங்க மார்க்கை எடுத்துட்டு மிச்ச மார்க்கை மட்டும் கூட்டிப் பார்த்தேன். அப்பவும் அந்தக் கம்பெனி தோக்குது."

"பார்த்தீங்களா?"

"இருங்க. மத்தவங்க மார்க் போடுறதுக்கு முன்னாடி நீங்க மோட்டாரைப் பத்திச் சொன்னீங்க. கேட்டுட்டுத்தான் போட்டாங்க. அதனால அவங்க மார்க்கையும் என்னால நம்ப முடியல. ட்ரையல்ல வராத ஒரு விஷயம், எங்கேர்ந்து வந்துச்சுன்னு யாருக்கும் தெரியாம கமிட்டிக்குள்ள வந்திடுச்சு. நாளைக்கு அவங்க கோர்ட்டுக்குப் போனா நாங்க என்ன சொல்றது?"

"நான் சொன்னது உண்மை. மோட்டார் சூடாகுது."

"உண்மைதான். நானும் ஓட்டிப் பார்த்தேன். சூடாகுது." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "வீட்டுல இருக்குன்னு கமிட்டியில சொல்லிட்டு, நான் மார்க் போடல, ஆனா இதைப் பாருங்கன்னு சொல்லியிருந்தீங்கன்னா, அந்த உண்மை செல்லும். இப்ப செல்லாது. மொத்த டெண்டரையும் ரத்து பண்ணணும்."

"ரத்துன்னா?"

"மறுபடி முதல்லேர்ந்து."

அவளுக்கு அதுவரை வேலை போகும் என்ற பயம்தான் இருந்தது. இப்போது வார்டு கண்முன் வந்தது. ஒட்டுப்போட்ட மெத்தைகள். ஜன்னலோரக் கட்டிலில் கிடந்த டெய்லர். இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருந்தது. புது மெத்தை வருது, கொஞ்சம் பொறுத்துக்கங்க என்று அவரிடம் அவளே சொல்லியிருந்தாள்.

"எத்தனை மாசம் ஆகும்?"

"நிறைய."

"அதுவரைக்கும்?"

தணிக்கைக்காரர் கண்ணாடியைத் துடைத்தார்.  அவளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது என்று மேஜையின் அந்தப் பக்கம் ஒவ்வொரு முகமாகத் தேடினாள். டாக்டர் அங்கே இல்லை. சென்ட் தம்பி இல்லை. தேடிய கோபம் சுற்றிச் சுற்றி மேஜையின் இந்தப் பக்கமே வந்து நின்றது. அது அங்கே வந்து நின்றதற்காகவும் அவளுக்குக் கோபம் வந்தது.

"கடைசியா ஏதாவது சொல்லணுமா?" என்றார் நிர்வாகி.

"டெய்லரை ரெண்டு மணிக்கொரு தடவை புரட்டச் சொல்லுங்க," என்றாள். "ராத்திரியும்."

மெத்தையை அடுத்த நாள் சாட்சிப் பொருளாக எடுத்துப் போனார்கள். மாமனார் அசைகிற கையால் அதற்கு சல்யூட் அடித்தார்.

தானாக வந்து சொன்னதாலும், மார்க்கை விற்காததாலும் அவளை வேலையை விட்டு நீக்கவில்லை. ஹெட் சிஸ்டர் பதவி போனது. சாதாரண ஸ்டாஃப் நர்ஸாக வேறு வார்டுக்கு இறக்கினார்கள். இறுதி எச்சரிக்கை அவள் கோப்பில் ஏறியது. இனி எந்தக் கொள்முதல் கமிட்டியிலும் அவள் இல்லை. பதவி இறக்கத்தை எதிர்த்து மேல்முறையீடு செய்தாள். தோற்றாள். கம்பெனியைச் சப்ளையர் பட்டியலிலிருந்து இரண்டு வருடம் விலக்கினார்கள். கம்பெனி சென்ட் தம்பியை விலக்கியது. இப்போது அவன் வேறொரு கம்பெனிக்காக வீல்சேர் விற்கிறான், அதே வாசனையோடு. டென்னிஸ் விஷயத்தை அதிகாரி மேலே எழுதினாள். பதில் வரவில்லை. பெரிய டாக்டர் இன்னொரு மாநாட்டுக்குப் போய்வந்தார். அதையும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தார். மறு டெண்டரில் முன்பு ஜெயித்த கம்பெனியே ஜெயித்தது. மெத்தைகள் வந்தபோது டெய்லர் உயிரோடு இல்லை. இடுப்புப் புண்ணில் சீழ் பிடித்து இறந்திருந்தார். மாமனாருக்குக் கணவர் கடன் வாங்கி ஒரு மெத்தை வாங்கிப் போட்டார், மோட்டார் இல்லாத தண்ணீர் மெத்தை. இது டெமோ மாதிரி பேச்சுத் துணைக்கு ஆகாது என்று மாமனார் இன்னும் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்.